பட்டை எந்தக் கோட்டில் நுழைகிறது?

பொறியியல் முதலாண்டு மாணவர்கள் கணக்கைத் தட்டச்சு செய்து அனுப்புவதில்லை. புத்தகப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள். கீழே ஒரு வரி இருக்கும்: "சார், இதுக்கு லிமிட் எப்படிப் போடுறது?" டபுள் இன்டகிரல் என்று வகுப்பறையில் சொல்லப்படும் இரட்டைத் தொகையிடலில், தொகையிடத் தெரியாமல் நிற்பவர்கள் குறைவு. பிளஸ் டூவிலேயே அந்தப் பயிற்சி வந்துவிடுகிறது. மாட்டிக்கொள்வது அதற்கு முந்தைய இடத்தில், அதாவது படத்தைப் பார்த்து எல்லைகளை எழுதும் இடத்தில். எல்லை சரியாக விழுந்துவிட்டால் மிச்சமிருப்பது கூட்டல் கழித்தல்தான்.

இப்படி வரும் படங்களில் அடிக்கடி காணப்படும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வலப்பக்கம் வாய் திறந்து படுத்திருக்கும் ஒரு பரவளையம்; அதன்மேல் x = y² என்று எழுதியிருக்கிறது. அதைக் குறுக்கே வெட்டிச் செல்லும் ஒரு நேர்கோடு, y = x − 2. இரண்டுக்கும் நடுவே சாய்கோடுகளால் நிழலிட்ட பகுதி. அந்தப் பகுதியின் மீது y என்ற சார்பைத் தொகையிட வேண்டும் என்பது கணக்கு.

இதற்கு ஒரு பொருள் உண்டு. நிழலிட்ட வடிவத்தில் ஒரு சீரான தகட்டை வெட்டியெடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மீது வெறும் 1 ஐத் தொகையிட்டால் தகட்டின் பரப்பு கிடைக்கும். y ஐத் தொகையிட்டு அந்தப் பரப்பால் வகுத்தால், தகட்டின் சமநிலைப் புள்ளி x அச்சிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது தெரியும். விடை சரிதானா என்று பார்க்க இந்தப் பொருள் பின்னால் உதவும்.

படத்தில் முதலில் கவனிக்க வேண்டியது, அதில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதுதான். நீளங்களை நம்பக்கூடாது. அச்சிட்ட படத்திலேயே x அச்சின் ஓர் அலகும் y அச்சின் ஓர் அலகும் ஒரே நீளமாக இருக்க வேண்டியதில்லை. அதைக் கோணலாகப் பிடித்து எடுத்த புகைப்படத்தில், தையலுக்கு அருகே தாள் வளைந்திருந்தால், நேர்கோடுகூட வளைவாகத் தெரியும். ஆனால் எது இடப்பக்கம், எது வலப்பக்கம், எது எதைத் தாண்டிப் போகிறது, நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்ற உறவுகள் கேமரா சாய்ந்தாலும் மாறுவதில்லை. ஆகவே உறவுகளைப் படத்திலிருந்தும், எண்களைச் சமன்பாட்டிலிருந்தும் எடுக்க வேண்டும்.

எண்கள் என்றால் முதலில் வெட்டுப்புள்ளிகள். நேர்கோட்டை x = y + 2 என்று திருப்பி எழுதி, y² = y + 2 என்று வைத்தால் y = −1, y = 2 என்று இரண்டு விடைகள் வரும். புள்ளிகள் (1, −1), (4, 2). இதையே x வழியாகச் செய்பவர்கள் x = 1, x = 4 என்று கண்டுபிடித்துவிட்டு, முதல் புள்ளியை (1, 1) என்று எழுதிவிடுவது உண்டு. (1, 1) பரவளையத்தின் மேல் இருக்கிறது. நேர்கோட்டின் மேல் இல்லை. படத்தில் அந்தச் சந்திப்பு x அச்சுக்குக் கீழே நடப்பதைப் பார்த்தாலே இது பிடிபட்டுவிடும்.

இப்போது எல்லைகள். நிழலிட்ட பகுதிக்குள் இடமிருந்து வலமாக, x அச்சுக்கு இணையாக ஒரு மெல்லிய பட்டையை வரையுங்கள். வகுப்பில் இதை ஸ்ட்ரிப் என்பார்கள். அந்தப் பட்டையிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: எந்தக் கோட்டில் நுழைகிறாய், எந்தக் கோட்டில் வெளியேறுகிறாய்? இங்கே பட்டை பரவளையத்தில் நுழைகிறது, நேர்கோட்டில் வெளியேறுகிறது. அதைக் கொஞ்சம் மேலே நகர்த்துங்கள், கீழே இறக்குங்கள். y = −1 லிருந்து y = 2 வரை எங்கே வைத்தாலும் அதே பதில்தான். ஆகவே உள்ளே x இன் எல்லைகள் y² முதல் y + 2 வரை. வெளியே y இன் எல்லைகள் −1 முதல் 2 வரை. உள்தொகை y(y + 2 − y²) என்று வரும். அதை −1 முதல் 2 வரை தொகையிட்டால் 9/4. இதே எல்லைகளில் 1 ஐத் தொகையிட்டால் பரப்பு 9/2. வகுத்தால் சமநிலை உயரம் 1/2.

இனி அதே பகுதியில் பட்டையைச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். x = 3 இல் வைத்தால் கீழே நேர்கோட்டில் நுழைந்து, மேலே பரவளையத்தில் வெளியேறுகிறது. x = 1/2 இல் வைத்தாலோ கீழேயும் பரவளையம், மேலேயும் பரவளையம். அதாவது பட்டை நகர்ந்துகொண்டே வரும்போது, நுழையும் கோடு x = 1 இல் மாறிவிடுகிறது. அப்படி மாறும் இடத்தில் பகுதியை இரண்டாக வெட்டியே ஆக வேண்டும். x = 0 முதல் 1 வரை y இன் எல்லைகள் −√x முதல் √x வரை; x = 1 முதல் 4 வரை x − 2 முதல் √x வரை. முதல் துண்டு x அச்சுக்கு மேலும் கீழும் சமமாக விழுவதால் y இன் தொகை அங்கே பூச்சியம். இரண்டாவது துண்டு மட்டுமே 9/4 ஐத் தந்துவிடுகிறது. விடை ஒன்றுதான், வேலை இரட்டிப்பு.

வரிசையைத் தேர்ந்தெடுப்பதற்கு ஆசிரியர்கள் விதவிதமான விதிகளைச் சொல்லித் தருகிறார்கள். எனக்குத் தெரிந்து உருப்படியானது ஒன்றுதான்: எந்தத் திசைப் பட்டைக்கு நுழையும் கோடும் வெளியேறும் கோடும் கடைசிவரை மாறவில்லையோ, அந்தத் திசையை முதலில் முயலுங்கள்.

செங்குத்துப் பட்டையில் நடக்கும் வழக்கமான பிழையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். படத்தில் மேலே பரவளையம், கீழே நேர்கோடு என்று ஒரே பார்வையில் தீர்மானித்துவிட்டு, x ஐ 0 முதல் 4 வரையும் y ஐ x − 2 முதல் √x வரையும் எழுதிவிடுவார்கள். கணக்கு எங்கும் முட்டாமல் ஓடும். பரப்பு 16/3 என்றும், y இன் தொகை 4/3 என்றும் அழகான பின்னங்களாகவே வரும். பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது? எழுதிய எல்லைகளைப் படத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். x = 0 என்று போட்டால் அந்த எல்லைகள் y ஐ −2 முதல் 0 வரை ஓடச் சொல்கின்றன. படத்தில் x = 0 இல் நிழல் ஒரு புள்ளியாகத்தான் இருக்கிறது; நிழலின் மிகத் தாழ்ந்த இடமே y = −1. நிழலில்லாத இடத்தையும் சேர்த்துக் கூட்டியிருக்கிறோம் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

தகடும் இதையே சொல்கிறது. கிடைப்பட்டையின் நீளம் y + 2 − y². y = 0 இல் அது 2, y = 1 இலும் 2. −1 க்கும் 2 க்கும் நட்டநடுவான 1/2 ஐச் சுற்றி நீளங்கள் மேலும் கீழும் ஒன்றுபோல் குறைகின்றன. எனவே சமநிலை உயரம் 1/2 ஆகத்தான் இருக்க முடியும். தவறான எல்லைகள் தரும் 4/3 ஐ 16/3 ஆல் வகுத்தால் 1/4 வருகிறது.

இன்னொரு வகைப் பிழை தானே காட்டிக்கொடுத்துவிடும். dx dy வரிசையை dy dx ஆக்கும்போது எல்லைகளை அப்படியே வைத்துக்கொண்டு தொகையிடும் குறிகளை மட்டும் இடம் மாற்றுவது அது. கடைசி விடையில் x ஓ y ஓ மிஞ்சி நிற்கும். வெளி எல்லைகள் எப்போதும் எண்களாகவும், உள் எல்லைகள் வெளி மாறியில் மட்டுமாகவும் இருக்க வேண்டும். வரிசை மாறினால் எல்லைகளைப் படத்திலிருந்து புதிதாகத்தான் எடுக்க வேண்டும்.

வடிவம் மட்டுமே வரிசையை முடிவு செய்துவிடுவதில்லை. சில படங்களில் இரண்டு திசைப் பட்டைகளும் சமமாக எளிது. y = x, x = 1, x அச்சு ஆகியவை அடைக்கும் முக்கோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்; தொகையிட வேண்டியது e^(x²). கிடைப்பட்டை y = x என்ற கோட்டில் நுழைந்து x = 1 இல் வெளியேறும்; எல்லைகள் எழுதுவதில் சிரமமே இல்லை. ஆனால் முதல் அடியிலேயே e^(x²) ஐ x க்குத் தொகையிட வேண்டியிருக்கும். நமக்குத் தெரிந்த சார்புகளைக் கொண்டு அதன் தொகையை எழுத முடியாது என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் லியூவில் 1830களிலேயே நிறுவிவிட்டார். பட்டையைச் செங்குத்தாக நிறுத்தினால் உள்ளே y மட்டும் 0 முதல் x வரை ஓடும். e^(x²) அங்கே மாறிலிபோல நிற்பதால் உள்தொகை x e^(x²) ஆகிறது. கூடுதலாக வந்து சேர்ந்த அந்த x தான் வழியைத் திறக்கிறது. விடை (e − 1)/2, கிட்டத்தட்ட 0.859. முக்கோணத்தின் பரப்பு 1/2 என்பதால் சார்பின் சராசரி 1.718, சார்பு 1 க்கும் 2.718 க்கும் இடையில்தான் இருக்கிறது என்பதால் இது பொருந்துகிறது.

வரிசையை மாற்றினாலும் விடை மாறாது என்ற உறுதியைத் தருவது ஃபுபினி தேற்றம். நன்கு அடைபட்ட பகுதியில், தொடர்ச்சியான சார்புகளுக்கு இது முன்பே தெரிந்ததுதான். இன்னும் பரந்த வகைச் சார்புகளுக்கு இத்தாலியரான கைடோ ஃபுபினி 1907 இல் நிறுவினார். நிபந்தனை மீறப்பட்டால் உறுதியும் போய்விடும். 0 முதல் 1 வரையிலான சதுரத்தில் (x² − y²)/(x² + y²)² ஐ முதலில் y க்கும் பிறகு x க்கும் தொகையிட்டால் π/4 வரும். வரிசையை மாற்றினால் −π/4. ஆதிப்புள்ளியின் அருகே சார்பு கட்டுக்கடங்காமல் போவதுதான் காரணம். பாடப்புத்தகக் கணக்குகளில் இது பெரும்பாலும் தலைகாட்டாது. பகுதியின் விளிம்பில் சார்பின் கீழ்ப்பகுதி பூச்சியமாகிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும்.

சமன்பாடுகள் முழுதாகத் தெரிந்தும் படம் இல்லாமல் தீராத கணக்குகளும் உண்டு. y = x³, y = x என்ற இரண்டும் மூன்று இடங்களில் சந்தித்து, ஆதிப்புள்ளிக்கு இருபுறமும் ஒரே அளவான இரண்டு இதழ்களை அடைக்கின்றன. ஒவ்வொன்றின் பரப்பும் 1/4. வலப்பக்க இதழில் மட்டும் நிழல் இருந்தால் y இன் தொகை 2/21. இரண்டிலும் நிழல் இருந்தால், இடப்பக்கம் எதிர்க்குறியோடு வந்து மொத்தம் பூச்சியமாகிவிடும். படமெடுக்கும்போது பக்கத்தின் இடது ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் இரண்டில் எது கேட்கப்பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. முழுப் பக்கத்தையும் மறுபடி படமெடுத்து அனுப்பச் சொல்வதுதான் அப்போது செய்ய வேண்டிய முதல் வேலை.