நாளைக் காலை விவாதம், இன்றிரவு ‘சாதி ஒழிப்பு’

கல்லூரியில் அம்பேத்கரின் ‘சாதி ஒழிப்பு’ பாடமாக இருக்கிறது, நாளைக் காலை வகுப்பில் விவாதம். இரவு எட்டு மணிக்கு நூலைத் திறக்கும் மாணவர் பத்தி பத்தியாகச் சுருக்கிக்கொண்டே போனால் நள்ளிரவில் பாதியில்தான் நிற்பார். பேச உட்காருபவருக்கு வேண்டியது, வாதம் எங்கே தொடங்கி, எங்கே திரும்பி, எங்கே போய் நிற்கிறது என்ற தடம்.

முன்னால் உள்ள கடிதங்களை யாரும் தாண்டிப் போகக் கூடாது. 1935 டிசம்பரில் லாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல் என்ற சீர்திருத்த அமைப்பு அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்தது. உரையைப் பார்த்ததும் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. அவர் மறுத்தார், மாநாடு நடக்கவில்லை, உரையைத் தாமே அச்சிட்டார். சாதியை எதிர்ப்பவர்களையே திடுக்கிட வைத்தது எது? இந்தக் கேள்வியோடு படித்தால் நூலின் மையம் தானாகத் தெரியும்.

அம்பேத்கர் எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் வைத்துவிட்டுத்தான் மறுப்பார். சாதி வெறும் வேலைப் பிரிவினை என்று அவர் எழுதியதாக அவசரத்தில் குறிப்பெடுத்துவிடலாம். அது மறுதரப்பின் பேச்சு. சாதி உழைப்பவர்களையே பிரித்து மேலும் கீழுமாக அடுக்குகிறது என்பது அவருடைய பதில். அதனால் ஒவ்வொரு குறிப்பின் ஓரத்திலும் அது யாருடைய குரல் என்று எழுதிக்கொள்வது நல்லது.

பெரும்பாலான சுருக்கங்கள் தவறுவது கலப்பு மணத்தில். அதுதான் மருந்து என்று அவர் சொல்கிறார். சுருக்கமும் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆனால் மக்கள் ஏன் அப்படி மணப்பதில்லை என்று அவர் அடுத்துக் கேட்கிறார். சாத்திரங்கள் புனிதமானவை என்று நம்புவதால். எனவே அந்த நம்பிக்கையைத்தான் முதலில் தகர்க்க வேண்டும் என்கிறார். மண்டல் பின்வாங்கியது ஏன் என்பதற்கும் பதில் இந்தத் திசையில்தான் இருக்கிறது. எழுதிய சுருக்கத்தில் இந்த ‘ஆனால்’, ‘எனவே’ இரண்டும் இல்லையென்றால் வாதம் பாதியில் அறுந்திருக்கிறது.

எல்லாம் சேர்ந்து இப்படி வரலாம்: சமூகச் சீர்திருத்தம் இல்லாமல் அரசியல், பொருளாதார மாற்றம் நிலைக்காது. சாதி உழைப்பவர்களைப் பிரித்து, பொது உணர்வைக் கொல்கிறது. அதை உடைக்கும் வழி கலப்பு மணம். ஆனால் மத நம்பிக்கை அதைத் தடுக்கிறது. எனவே சாத்திரங்களின் அதிகாரம் போக வேண்டும். மதம் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவத்தோடு பொருந்த வேண்டும்.

நேரம் மிஞ்சினால் பின்னிணைப்புக்குப் போகலாம். ஒரு மதத்தை அதன் மிகச் சிறந்தவர்களை வைத்து எடைபோட வேண்டும் என்று காந்தி ‘ஹரிஜன்’ இதழில் எழுதினார். மகான்கள் சாதி அமைப்பையே எதிர்த்துப் போராடவில்லை. மகான் சாதியை மீறலாம், சாமானியன் மீறக் கூடாது என்றுதான் மக்களுக்குக் கற்பிக்கப்பட்டது என்று அம்பேத்கர் பதில் தந்தார். இந்த இரண்டில் எதை ஏற்கிறோம், ஏன் என்று இரண்டு வரி எழுதிவைத்துக்கொண்டால் வகுப்பில் முதல் கையை உயர்த்தலாம்.