அடங்கிய நோயும் தீர்ந்த நோயும்

நோயாளியின் பிரச்சினைகளை எண் போட்டு வரிசைப்படுத்தி, டாக்டரின் குறிப்பு, பரிசோதனை, மருந்து எல்லாவற்றையும் அந்தந்த எண்ணோடு இணைப்பது ஒரு பதிவு முறை. அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் 1968-இல் எழுதிய கட்டுரைகளால் இது பரவலாக அறியப்பட்டது. கோப்பின் முன்பக்கத்தில் நிற்கும் பட்டியல்தான் இதன் உயிர்நாடி. ஆண்டுகள் போகப்போக அது நீண்டு, பழைய சளிக்காய்ச்சலும் இன்றைய சர்க்கரையும் அடுத்தடுத்த வரியில் உட்கார்ந்துவிடும். அப்போதுதான் நாட்பட்டவை, இப்போது கவனிக்க வேண்டியவை, தீர்ந்தவை என்று மூன்றாகப் பிரிக்கும் வேலை வருகிறது.

58 வயதுப் பெண் ஒருவரின் பட்டியலை எடுத்துக்கொள்வோம்: சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், தைராய்டு சுரப்புக் குறைவு, ‘சர்க்கரை அதிகம்’, வறட்டு இருமல், ரத்தசோகை, பித்தப்பைக் கல். முதல் வேலை இரட்டிப்பை நீக்குவது. ‘சர்க்கரை அதிகம்’ தனி நோயல்ல. முதல் எண்ணோடு சேர்கிறது. ரத்தசோகைக்குக் காரணம் இன்னும் பிடிபடவில்லை, ஆகவே அது நடப்புப் பட்டியலுக்குப் போகிறது. ‘இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம்’ என்று ஊகத்தை எழுதக் கூடாது. தெரிந்த அளவுக்கே பெயர் வைக்க வேண்டும். பித்தப்பையை அறுவை செய்து எடுத்தாயிற்று. அது ஆண்டோடு தீர்ந்தவற்றில் சேரும்.

இருமலில்தான் நுணுக்கம். அது எனலாப்ரில் மாத்திரையால் வந்தது. லோசார்டனுக்கு மாற்றிய சில வாரங்களில் நின்றுவிட்டது. இருமல் தீர்ந்தது, ஆனால் எனலாப்ரில் ஒத்துக்கொள்ளாது என்ற செய்தி தீரவில்லை. அதை ஒவ்வாமைக் கட்டத்தில் தனியாக எழுதாவிட்டால், வேறொரு டாக்டர் அதே மாத்திரையை மறுபடி எழுதிவிடுவார்.

இதைவிடப் பெரிய தவறு தைராய்டில் நடக்கும். ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவு சரியாக இருக்கிறது. அதைப் பார்த்த ஒருவர் நோயைத் ‘தீர்ந்தது’ பக்கம் தள்ளிவிடுகிறார். அளவு சரியாக இருப்பதே தினமும் காலையில் போடும் தைராக்ஸினால்தான். அடுத்த முறை சீட்டு எழுதும்போது அது விடுபட்டால், சில மாதங்களில் களைப்பும் மலச்சிக்கலும் திரும்பி வரும். மருந்தை நிறுத்தினால் திரும்பி வருமா என்று கேட்டுப் பார்த்தால் போதும். வருமென்றால் அது நாட்பட்டதே. ரத்த அழுத்தம் 120/80 காட்டினாலும் கணக்கு இதுதான்.

பிரித்து முடித்ததும் மருந்துச் சீட்டைப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு பிரச்சினை கிடைத்தாக வேண்டும். இந்தப் பெண்ணின் சீட்டில் பான்டபிரசோல் மட்டும் துணையில்லாமல் நிற்கிறது. பட்டியலில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது, இல்லையென்றால் எப்போதோ வயிற்றெரிச்சலுக்குக் கொடுத்ததை யாரும் நிறுத்தவில்லை. இரண்டில் எது என்பதை அவரிடமே கேட்டுத்தான் முடிவு செய்ய முடியும்.

இடம் மாற்றும் ஒவ்வொரு வரியிலும் தேதியும் மாற்றியவர் கையொப்பமும் வேண்டும். தீர்ந்ததை அழிப்பதில்லை, அதன் எண்ணை வேறொன்றுக்குத் தருவதுமில்லை. பழைய குறிப்புகள் அந்த எண்ணைச் சுட்டியே எழுதப்பட்டிருக்கின்றன.