மாநாட்டு உரையைப் பார்த்து அலுவலகத்துக்கு என்ன எழுதித் தருவது?

நிறுவனச் செலவில் மாநாட்டுக்குப் போய் வருகிறவர் திரும்பியதும் ஓர் அறிக்கை தர வேண்டும். மென்பொருள் அலுவலகங்களில் அதற்கு ‘டிரிப் ரிப்போர்ட்’ என்று பெயர். பெரிய மாநாடுகளில் ஒரே நேரத்தில் நாலைந்து அரங்குகளில் உரைகள் நடக்கும். நேரில் போனவரால்கூடப் பாதி உரைகளைத்தான் கேட்க முடியும். மீதியை ஊர் திரும்பிய பிறகு யூடியூப் பதிவில்தான் பார்த்தாக வேண்டும். கேட்ட உரைகளுக்கும் அறிக்கை எழுதும்போது பதிவையே திறந்து வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு மூன்று நாட்களில் கேட்ட எண்கள் மண்டைக்குள் ஒன்றோடொன்று கலந்துபோயிருக்கும்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 2009 முதல் 2023 வரை நடந்த ‘ஸ்ட்ரேஞ்ச் லூப்’ மாநாட்டை எடுத்துக்கொள்வோம். அதன் உரைகள் இன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. 2015-இல் அங்கே கில் டெனே, கணினி பதில் சொல்ல எடுக்கும் நேரத்தை எப்படி அளக்கக் கூடாது என்று பேசினார். பல அறிக்கைகளில் இப்படிப்பட்ட உரை மூன்று வரியில் முடிந்துவிடும்: “தாமதத்தை அளப்பது பற்றிப் பேசினார். சராசரியை நம்பக் கூடாது, அளக்கும் கருவிகளே தவறு செய்யும் என்றார். மிகவும் பயனுள்ள உரை.” இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் மேலாளரால் நாளைக் காலை செய்யக்கூடிய வேலையும் ஒன்றும் இல்லை. உரையின் உயிர் அதில் வரும் ஓர் உதாரணத்தில் இருக்கிறது. அதைத்தான் இந்த மூன்று வரி விட்டுவிட்டது.

உதாரணம் இதுதான். ஒரு சர்வருக்கு வினாடிக்கு 100 கோரிக்கைகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மில்லிவினாடியில் பதில் போகிறது. 100 வினாடிகள் இப்படி ஓடிய பிறகு சர்வர் அப்படியே உறைந்துபோய், அடுத்த 100 வினாடிகள் யாருக்கும் பதில் தரவில்லை. இதை அளக்கும் சோதனைக் கருவி என்ன செய்கிறது? ஒரு கோரிக்கையை அனுப்பி, பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்புகிறது. முதல் 100 வினாடிகளில் அதன் கணக்கில் 10,000 நல்ல பதில்கள் சேர்ந்துவிடும். உறைந்த நேரத்தில் அதுவும் காத்து நிற்பதால், 100 வினாடி எடுத்த ஒரே ஒரு கெட்ட பதில்தான் பதிவாகும். முடிவில் சராசரி ஏறக்குறைய 11 மில்லிவினாடி என்றும், 99.99 சதவீதக் கோரிக்கைகளுக்கு ஒரு மில்லிவினாடியில் பதில் போனது என்றும் கருவி காட்டும்.

உண்மையான வாடிக்கையாளர்கள் அப்படிக் காத்து நிற்க மாட்டார்கள். சர்வர் உறைந்திருந்தபோதும் வினாடிக்கு 100 பேர் வந்துகொண்டேதான் இருந்திருப்பார்கள். முதலில் வந்தவர் 100 வினாடி காத்திருப்பார், கடைசியில் வந்தவர் கொஞ்ச நேரம். அந்த 10,000 பேரையும் சேர்த்தால் மொத்தச் சராசரி சுமார் 25 வினாடி. வந்தவர்களில் பாதிப் பேர் அவதிப்பட்டிருக்கிறார்கள். கருவியின் கண்ணில் பட்டது ஒருவர் மட்டுமே. மளிகைக் கடை பூட்டிக் கிடந்த நேரத்தில் வந்து திரும்பியவர்களை விட்டுவிட்டு, உள்ளே போனவர்களிடம் மட்டும் ‘எவ்வளவு நேரம் நின்றீர்கள்’ என்று கேட்பது போன்றது இது.

இவ்வளவையும் அறிக்கையில் எழுதத் தேவையில்லை. பேருந்து டிக்கெட் பதிவுத் தளம் நடத்தும் ஒரு நிறுவனத்துக்கு எழுதுவதாக வைத்துக்கொண்டால், நான் இப்படி எழுதுவேன்: “நம் சுமைச் சோதனைக் கருவி பதிலுக்குக் காத்திருந்து அடுத்த கோரிக்கையை அனுப்பும் வகை என்றால், சர்வர் உறையும் நேரங்கள் நம் கணக்கில் ஏறக்குறைய வரவே வராது. சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. சோதனை ஓடும்போது சர்வரை Ctrl-Z கொடுத்து ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுப் பிறகு தொடரவிட வேண்டும். அதற்குப் பிறகும் முடிவுகள் அழகாக வந்தால் கருவி தவறு. டெனே எழுதிய wrk2, -R என்று நாம் கொடுக்கும் வேகத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, பதில் தாமதமானதையும் கணக்கில் சேர்க்கிறது. கவனிக்க: பேச்சாளர் அஸுல் சிஸ்டம்ஸின் இணை நிறுவனர். உறைதலைக் குறைக்கும் ஜாவா மென்பொருளை விற்பது அவர்கள் தொழில். அளவீடு பற்றிய வாதம் அதைச் சாராமலே நிற்கிறது. மருந்தைப் பற்றி நாம் தனியாகச் சோதிக்க வேண்டும்.”

கடைசி நான்கு வாக்கியங்களைப் பெரும்பாலான அறிக்கைகளில் காண முடியாது. பேசுகிறவர் எந்த இடத்தில் நின்று பேசுகிறார் என்பது மேலாளருக்குத் தெரிந்தாக வேண்டும். அரங்கில் கைதட்டலுக்கு நடுவே அது மறந்துபோகும். பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறவருக்கு அதைக் கவனிக்க அவகாசம் இருக்கிறது.

பதிவிலிருந்து எழுதும்போது எண்களைத் திரையில் தெரியும் ஸ்லைடிலிருந்துதான் எடுக்க வேண்டும். தானாக ஓடும் எழுத்து வரிகளை நம்பினால் பதினைந்து ஐம்பதாகிவிடும், மைக்ரோவினாடி மில்லிவினாடியாகிவிடும். முக்கியமான ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் பதிவின் எந்த நிமிடத்தில் அது வருகிறது என்று குறித்துவிட்டால், சந்தேகப்படும் பொறியாளர் முழு உரையையும் பார்க்க வேண்டியிருக்காது. கேள்வி நேரத்தில் கவனம் தேவை. கேட்பவர் கையில் மைக் இல்லாவிட்டால் பதில் மட்டுமே பதிவாகியிருக்கும். கேள்வியை ஊகித்து எழுதினால் பேச்சாளர் சொல்லாத ஒன்று அவர் பெயரில் ஏறிவிடும். அதை விட்டுவிடுவதே மேல்.

அதே மாநாட்டில் ஃபிலிப் வாட்லர், தர்க்கத்துக்கும் கணினி நிரலுக்கும் உள்ள ஆழமான ஒற்றுமை பற்றிப் பேசினார். அருமையான உரை. டிக்கெட் தளத்துக்கு அதனால் உடனடி வேலை எதுவும் இல்லை. இரண்டு வரியும் இணைப்பும் போதும்.

மார்ட்டின் கிளெப்மன் தரவுத்தளப் பரிவர்த்தனைகள் பற்றிப் பேசியதற்கு முழுப் பக்கமே ஒதுக்கலாம். அதில் வரும் சிக்கலை இப்படி விளக்கலாம். ஒரு மருத்துவமனையில் எப்போதும் ஒரு மருத்துவராவது பணியில் இருக்க வேண்டும் என்பது விதி. இப்போது இருவர் இருக்கிறார்கள். இருவருக்கும் உடம்பு சரியில்லை. ஒரே கணத்தில் இருவரும் விடுப்புப் பொத்தானை அழுத்துகிறார்கள். இரண்டு பரிவர்த்தனைகளும் தனித்தனியாக எண்ணிப் பார்க்கின்றன. பணியில் இருவர் இருப்பதாகத் தெரிவதால், ஒருவர் போகலாம் என்று இரண்டுமே அனுமதிக்கின்றன. முடிவில் பணியில் ஒருவரும் இல்லை. தரவுத்தளம் எந்தப் பிழையும் காட்டவில்லை. தனிமைப்படுத்தும் நிலையை மிகக் கடுமையாக வைக்காவிட்டால் இது நடக்கும். அந்த நிலைகளின் பெயரையும் அப்படியே நம்ப முடியாது. ஒரே பெயருக்கு வெவ்வேறு தரவுத்தளங்கள் வெவ்வேறு பாதுகாப்பைத் தருகின்றன.

எனவே அறிக்கையில் முதல் வரி, நம் தளம் இப்போது எந்த நிலையில் ஓடுகிறது என்பதாக இருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்றால் இதைக் கொடுத்தால் தெரிந்துவிடும்:

```
SHOW default_transaction_isolation;
```

யாரும் மாற்றவில்லை என்றால் `read committed` என்று வரும். மருத்துவர் கதையை அது தடுக்காது. அடுத்த வரி, நம் நிரலில் இப்படி ‘எண்ணிப் பார்த்துவிட்டு எழுதும்’ இடங்கள் எவை என்பது. ஒருவருக்கு இத்தனை டிக்கெட்தான் என்ற வரம்பு, சலுகைக் கூப்பன் எண்ணிக்கை போன்றவற்றை அறிக்கை எழுதுகிறவரே நிரலைத் திறந்து பார்த்துப் பட்டியலிட வேண்டும். உரை 2015-ஆம் ஆண்டினது என்பதையும், அதில் சொல்லப்படும் தரவுத்தளங்களின் பதிப்புகள் மாறியிருக்கும் என்பதையும் அதே இடத்தில் எழுத வேண்டும். கிளெப்மன் ‘ஹெர்மிடேஜ்’ என்ற சோதனைத் தொகுப்பை வெளியிட்டிருக்கிறார். அதை நம் பதிப்பில் ஓட்டி வந்த முடிவை அறிக்கையோடு இணைத்துவிட்டால், பழைய உரையின் எந்தப் பகுதி இன்னும் செல்லும் என்று மேலாளர் யாரையும் கேட்க வேண்டியதில்லை.