பணம் யார் பெயருக்குப் போகிறது?

மதுரையில் வாழும் சௌராஷ்டிரக் குடும்பங்களுக்குச் சோமநாதபுரம் பூர்வீக மண். அங்கே போக நினைப்பவர்கள் முதலில் தேடுவது கோயில் அறக்கட்டளை நடத்தும் சாகர் தர்ஷன், லீலாவதி போன்ற விருந்தினர் இல்லங்களைத்தான். மோசடிக்காரர்கள் வலை விரிப்பதும் அந்தத் தேடலில்தான். சோமநாதர் கோயில், கேதார்நாத் போன்ற தலங்களின் பெயரில் போலி முன்பதிவுத் தளங்கள் இயங்குவதாக மத்திய அரசின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் எச்சரித்தது. விருந்தினர் இல்லங்களுக்கு somnath.org தளத்தில்தான் பதிவு செய்ய வேண்டும் என்றும் அது சொன்னது.

கூகுளில் தேடினால் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். காசு கொடுத்தால் யாரும் அந்த இடத்தைப் பிடிக்கலாம். அதனால் தளத்தின் அழகைப் பார்க்காமல் முகவரியைப் படியுங்கள், அதுவும் வலமிருந்து இடமாக. somnath.org.room-seva.in என்று ஒன்று வந்தால், அதன் சொந்தக்காரர் room-seva.in என்ற பெயரை வாங்கியவர். முன்னால் இருக்கும் somnath.org வெறும் ஒட்டு. பூட்டுப் படம் தெரிகிறதே என்று நம்ப வேண்டாம். நீங்கள் தட்டுவதை வழியில் வேறு யாரும் படிக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். அந்தப் பக்கம் இருப்பவர் நல்லவரா என்பதைப் பூட்டு சொல்லாது.

தனியார் ஓட்டல் என்றால் ரசீதில் இருக்கும் பதினைந்து இலக்க ஜிஎஸ்டி எண் பெரிய உதவி. அதன் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். குஜராத்துக்கு 24, தமிழ்நாட்டுக்கு 33. services.gst.gov.in தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் நிறுவனத்தின் சட்டப் பெயரும் முகவரியும் வரும். ஆனால் உண்மையான ஓட்டலின் எண்ணையே போலித் தளம் திருடிப் போட்டிருக்கலாம். சிறு லாட்ஜுகள் ஜிஎஸ்டியில் பதிவு செய்யாமலும் இருக்கலாம். அதனால் கடைசிச் சோதனை பணம் கட்டும் இடத்தில்தான். யுபிஐயில் பின் எண் போடுவதற்கு முன் பெறுபவரின் பெயர் திரையில் வரும். ஓட்டலின் பெயரோ அதன் நிறுவனத்தின் பெயரோ இல்லாமல் ஒரு தனி மனிதரின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். "மேனேஜர் கணக்குதான் சார்" என்று போனில் சமாதானம் சொன்னாலும் கட்டாதீர்கள்.

உறுதிச் சீட்டு வந்தவுடன் ஓட்டல் வரவேற்பறைக்குப் பேசுங்கள். சீட்டில் அச்சிட்ட எண்ணை விட்டுவிட்டு, ஓட்டலின் சொந்தத் தளத்தில் உள்ள எண்ணுக்குக் கூப்பிடுவது நல்லது. "என் பெயரில் ரூம் இருக்கிறதா?" என்று கேட்டால் யாரும் "இருக்கிறது" என்று சொல்லிவிடலாம். பெயரையும் வரும் தேதியையும் மட்டும் கொடுத்துவிட்டு, எத்தனை இரவு, என்ன வகை அறை, எவ்வளவு கட்டியிருக்கிறது என்பதை அவர்கள் வாயால் சொல்லக் கேளுங்கள். இதைப் பணம் கட்டிய அன்றே செய்ய வேண்டும், ஊருக்குப் போய் இறங்கிய பிறகு அல்ல.

ரத்து நிபந்தனையைப் பணம் கட்டுவதற்கு முன்பே படித்துவிட வேண்டும். ஓர் உதாரணம் பார்ப்போம். இரவுக்கு 3,000 ரூபாய் வீதம் ஜனவரி 10, 11 ஆகிய இரண்டு இரவுகள், மொத்தம் 6,000. செக்-இன் பகல் 12 மணி. "செக்-இன்னுக்கு 48 மணி நேரம் முன்பு வரை இலவச ரத்து, அதன் பிறகு ஓர் இரவு வாடகை பிடிக்கப்படும், வராவிட்டால் முழுத் தொகையும்" என்று நிபந்தனை. கெடு 8ஆம் தேதி பகல் 12 மணிக்கே முடிந்துவிடுகிறது. அன்று இரவு ரத்து செய்தால் 3,000 போய்விடும். பலரும் கோட்டைவிடுவது "வராவிட்டால்" என்ற பகுதியில். ரயில் தாமதமாகி 11ஆம் தேதி காலையில் போய் நின்றால், வரவில்லை என்று குறித்து இரண்டாம் இரவுக்கான அறையையும் வேறொருவருக்குக் கொடுத்திருப்பார்கள். தாமதம் தெரிந்தவுடன் ஓட்டலுக்குச் சொல்லி, அதை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். முன்பதிவுத் தளம் வழியாக எடுத்த அறையை ஓட்டலுக்கு போன் செய்து மட்டும் ரத்து செய்தால் போதாது. தளத்திலேயே ரத்து செய்து, அதற்கான மின்னஞ்சல் வரும் வரை காத்திருக்க வேண்டும்.

ரத்துப் பணத்தைத் திருப்பித் தருவதாக யாராவது க்யூஆர் குறியீடு அனுப்பி, ஸ்கேன் செய்து பின் எண் போடச் சொன்னால் அது திருட்டு. யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காதீர்கள், உடனே 1930க்குப் பேசுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியுங்கள். மோசடிக்காரர் எடுத்துவிடுவதற்கு முன் தகவல் போனால், அந்தக் கணக்கிலேயே பணத்தை வங்கியால் நிறுத்திவைக்க முடியும். பரிவர்த்தனை எண், கட்டிய நேரம், பெறுநர் பெயர் தெரியும் திரைப்படம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.