படம் பற்றி சாட்பாட் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

சாட்ஜிபிடி போன்ற உரையாடல் செயலியிடம் “உன்னால் படம் பார்க்க முடியுமா, வரைய முடியுமா?” என்று கேட்டால் அது தயங்காமல் ஒரு பதில் தரும். அந்தப் பதில் பழையதாக இருக்கலாம், முழுத் தவறாகவும் இருக்கலாம். தன்னிடம் என்ன வசதி இருக்கிறது என்று சோதித்துப் பார்த்துவிட்டு அது பேசுவதில்லை. மற்றக் கேள்விகளுக்குச் செய்வதைப் போலவே, பயிற்சியில் படித்த எழுத்துகளை வைத்து, அந்த இடத்தில் வரக்கூடிய சொற்களைக் கோத்துத் தருகிறது.

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளிவந்தபோது எழுத்தை மட்டுமே கையாண்டது. 2023 மார்ச்சில் ஓப்பன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-4 மாதிரியை அறிவித்தது. அது படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் என்று செயல்விளக்கமும் காட்டியது. ஆனால் அந்த வசதி பயனர்களுக்குக் கிடைக்கத் தொடங்கியது 2023 செப்டம்பர் கடைசியில்தான். அடுத்த மாதமே, டால்-ஈ 3 என்ற பட உருவாக்கியும் சந்தாதாரர்களின் சாட்ஜிபிடியில் சேர்ந்தது.

இத்தனை மாற்றங்களும் நடந்த காலத்தில், ஜிபிடி-4 படித்திருந்த எழுத்துகளில் மிகப் பெரும்பகுதி 2021 செப்டம்பரோடு நின்றிருந்தது. அப்போது சாட்ஜிபிடி என்ற பெயரே உலகில் இல்லை. பின்னாளில் தன்மேல் பொருத்தப்பட்ட கண்ணையும் தூரிகையையும் பற்றி அந்த எழுத்துகளில் ஒரு வரிகூட இருந்திருக்க வழியில்லை. அதன் பிறகு வந்த மாதிரிகளுக்கு வேறொரு சிக்கல். “நான் எழுத்து சார்ந்த மாதிரி, படங்களைப் பார்க்க இயலாது” என்று தொடக்கக்காலச் செயலிகள் தந்த பதில்கள் இணையமெங்கும் பரவிக் கிடக்கின்றன. அவற்றையும் படித்து வளரும் புதிய மாதிரி, பழைய மாதிரியின் குறையைத் தன் குறையாகவே சொல்லிவிடக்கூடும்.

இதைச் சரிசெய்ய நிறுவனங்கள் ஒரு வழி வைத்திருக்கின்றன. ஒவ்வொரு உரையாடலும் தொடங்கும் முன், பயனர் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்பை மாதிரிக்குக் கொடுக்கின்றன. இன்ன கருவி இருக்கிறது, இப்படிப் பயன்படுத்து என்று அதில் எழுதியிருக்கும். குறிப்பில் கருவியின் பெயர் இருந்தால் பதில் பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் ஒரே மாதிரி பல இடங்களில் வேலை செய்கிறது. இலவசக் கணக்கில் ஒரு வசதி, சந்தாக் கணக்கில் இன்னொன்று. வேறொரு நிறுவனம் அதே மாதிரியை வாங்கித் தன் செயலியில் பொருத்தும்போது பட வசதியை விட்டுவிடவும் செய்யலாம். அங்கே குறிப்பு எதுவும் சொல்லாவிட்டால், மாதிரி ஊகித்துத்தான் பேசும்.

ஊகம் எப்போதும் “முடியாது” என்ற பக்கமே சாய்வதில்லை. வரையும் கருவி இல்லாத இடத்தில், “படம் தயாராகிறது, சற்று நேரத்தில் அனுப்புகிறேன்” என்று சொல்லிவிடுவதும் உண்டு. அந்தப் படம் வரவே வராது. இணைப்பைத் திறக்க வழியில்லாத செயலி, முகவரியில் உள்ள கோப்புப் பெயரை மட்டும் வைத்துப் படத்தை வர்ணிப்பதும் இதே வகைதான்.

டால்-ஈ 3 சேர்ந்த காலத்தில் இன்னொரு வகைத் தவறு தெளிவாகத் தெரிந்தது. அப்போது பேசுவது ஒரு நிரல், வரைவது வேறொரு நிரல். “காலியான அறை ஒன்று வரை, அதில் யானை இருக்கக் கூடாது” என்று கேட்டதாகக் கொள்வோம். பேசும் மாதிரி அதை விரித்தெழுதி வரையும் நிரலுக்கு அனுப்பும். அந்த வாசகத்தில் ‘யானை’ என்ற சொல் இருந்தாலே போதும். ‘கூடாது’ என்பதைச் சரியாகப் பிடிக்காத வரையும் நிரல், அறைக்குள் யானையை வரைந்துவிடும். வந்த படத்தைப் பேசும் மாதிரி பார்ப்பதில்லை. தான் அனுப்பிய வாசகம்தான் அதற்குத் தெரியும். அதனால் “யானை இல்லாத அறை இதோ” என்று எழுதும். “தொப்பியின் நிறத்தை மட்டும் மாற்றிவிட்டேன்” என்று சொல்லி, முகமே மாறிய புதிய படத்தைத் தந்ததும் இப்படித்தான். 2025 மார்ச்சில் ஜிபிடி-4ஓ மாதிரியே நேரடியாகப் படம் உருவாக்கத் தொடங்கியதும் இந்த இடைவெளி குறைந்தது. ஆனால் சொன்னதும் வந்த படமும் ஒத்துப்போகும் என்ற உறுதி இன்றும் இல்லை.

ஆகவே, முடியுமா என்று கேட்பதைவிடச் செய்யச் சொல்லிப் பார்ப்பதே சரியான சோதனை. ஒரு தாளில் யாரும் ஊகிக்க முடியாத ஐந்து இலக்க எண்ணை எழுதி, படமெடுத்து, எண்ணைக் குறிக்காத கோப்புப் பெயரில் ஏற்றி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கலாம். எண் சரியாக வந்தால் செயலி படத்தைப் படிக்கிறது. தவறாக வந்தாலோ, மங்கலான வர்ணனை வந்தாலோ அதன் பார்வையை நம்பி வேலையை ஒப்படைக்க வேண்டாம். வரையும் வசதிக்கும் அப்படியே: எளிய படம் ஒன்றைக் கேட்டு, அது திரையில் தோன்றுகிறதா என்று பாருங்கள். எந்தக் கணக்கில் என்ன வசதி உண்டு என்பதை நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் தேதியோடு பார்த்துக்கொள்ளுங்கள்.