நேர்காணலில் நின்றுபோன பதிலை நிரலாக அனுப்புங்கள்

மென்பொருள் வேலைக்கான நேர்காணல் முடிந்ததும் பலர் நன்றி சொல்லி மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். கூடவே தங்கள் கிட்ஹப் பக்கத்தின் இணைப்பையும் சேர்த்துவிடுகிறார்கள். அங்கே கிடக்கும் பத்துப் பதினைந்து புராஜெக்ட்களில் எதைத் திறப்பது என்று தேர்வாளருக்கு எப்படித் தெரியும்? அனுப்ப வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அன்றைய பேச்சில் உங்கள் பதில் எங்கே நின்றுபோனதோ, அந்த இடத்துக்கான நிரல்.

ஒரு பெண் பேக்எண்ட் வேலைக்குப் போயிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "வாடிக்கையாளர் பணம் செலுத்தும் பொத்தானை இரண்டு முறை அழுத்திவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கிறார்கள். ஏற்கெனவே பணம் வந்திருக்கிறதா என்று டேட்டாபேஸில் பார்த்துவிட்டுப் பதிவு செய்வேன் என்கிறார். "இரண்டு கோரிக்கையும் ஒரே நேரத்தில் வந்து, இரண்டும் பார்க்கும்போது அங்கே எதுவுமே இல்லாவிட்டால்?" இங்கேதான் அவர் தடுமாறுகிறார்.

வீட்டுக்கு வந்து யோசித்தால் விடை பிடிபடுகிறது. பணம் செலுத்தும் பக்கம் திறக்கும்போதே அந்த முயற்சிக்கு ஓர் அடையாளக் குறி கொடுத்துவிட வேண்டும். அதே குறி மறுபடி பதிவாகாமல் டேட்டாபேஸே தடுக்கும்:

```sql
ALTER TABLE payments
  ADD CONSTRAINT uq_request_key UNIQUE (request_key);
```

வங்கியைத் தொடர்புகொள்ளும் முன்பே இந்தப் பதிவு விழுந்துவிட வேண்டும். இரண்டாவது கோரிக்கைக்கு முதலாவதின் நிலையைத் திருப்பித் தந்தால் போதும். இதைச் சிறிய நிரலாக எழுதி, ஒரே குறியோடு 20 கோரிக்கைகளை ஒரே நேரத்தில் அனுப்பும் சோதனையையும் சேர்க்கிறார். சோதனை முடிவில் டேபிளில் ஒரு வரிசைதான் இருக்க வேண்டும்.

மறுநாளே, நேர்காணலுக்கு அழைத்த அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக இப்படி எழுதலாம்: "இரண்டு கோரிக்கை ஒரே நேரத்தில் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். நான் சொன்ன வழி அதற்குப் போதாது. சரியான வழியை எழுதிச் சோதித்திருக்கிறேன். முதலில் சோதனைக் கோப்பைப் பாருங்கள், ஐந்து நிமிடம் போதும்."

அனுப்பும் முன் இணைப்பை இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்து பாருங்கள். ரெப்போ பிரைவேட்டாக இருந்தால் அவர்களுக்கு 404 பக்கம்தான் தெரியும். ஜிப் செய்து அனுப்பலாம் என்றால், உள்ளே .js கோப்பு இருந்தாலே ஜிமெயில் தடுத்துவிடும். கடவுச்சொல் இருந்த கோப்பை அழித்துவிட்டோம் என்றும் நம்பியிருக்க வேண்டாம், பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். அதனால் புதிய ரெப்போ தொடங்குவதே நல்லது. பழைய நிறுவனத்தின் நிரலை எக்காரணம் கொண்டும் அனுப்பக் கூடாது. அது உங்கள் சொத்தல்ல. பார்ப்பவர், நாளை எங்கள் நிரலும் இப்படித்தான் வெளியே போகும் என்றே நினைப்பார்.

தீராமல் விட்டதையும் README கோப்பில் எழுதிவிடுங்கள். இந்த நிரலில், பதிவு விழுந்தபின் வங்கி பதில் தருவதற்குள் சர்வர் நின்றுபோனால் அந்தப் பணம் பாதியில் தொங்கும். அடுத்த சுற்றில் பெரும்பாலும் அதைத்தான் கேட்பார்கள்.