இணைப்பு இருக்கிறது, திரை மட்டும் கறுப்பு

வீட்டிலிருந்து ஆபீஸ் கணினியில் வேலை பார்ப்பவர்களிடமிருந்து ஒரே புகார் திரும்பத் திரும்ப வருகிறது. விபிஎன் இணைந்துவிட்டது என்று பச்சை காட்டுகிறது. ரிமோட் டெஸ்க்டாப் பாஸ்வேர்டைக் கேட்கிறது, ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகு கறுப்புத் திரை. அல்லது டெஸ்க்டாப் பாதி வந்து அப்படியே உறைந்து நிற்கிறது. இதற்கு நம் ஆட்கள் செய்யும் வைத்தியங்களைப் பார்த்தால் நோயே தேவலாம் என்று தோன்றும். ஒருவர் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுகிறார். இன்னொருவர் இன்டர்நெட் பிளானை இரண்டு மடங்காக்குகிறார். மூன்றாமவர் ஆபீஸ் வாட்ச்மேனுக்கு போன் செய்து கணினியை ஸ்விட்சில் அணைத்துப் போடச் சொல்கிறார்; திறந்திருந்த டேலி கணக்கு என்ன ஆனது என்பது மறுநாள்தான் தெரிகிறது.

இவர்களெல்லாம் தமக்கு மட்டுமே கெடுதல் செய்துகொள்பவர்கள். விபிஎன்னே வேண்டாம் என்று ஆபீஸ் ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடும் சர்வீஸ் ஆட்கள்தான் உண்மையான ஆபத்து. திறந்ததும் திரை உடனே வரும், எல்லோரும் கைதட்டுவார்கள். அந்த போர்ட்டை உலகம் முழுவதும் இயந்திரங்கள் இரவும் பகலும் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. 2019 மே மாதத்தில் புளூகீப் என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, பாஸ்வேர்டே இல்லாமல் இந்த வழியாக விண்டோஸ் 7 கணினிக்குள் நுழைய முடியும் என்பது தெரிந்தது. ஆதரவை நிறுத்திப் பல வருடங்களான எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாப்ட் அப்போது திருத்தம் வெளியிட்டது என்றால் விஷயத்தின் கனத்தைப் புரிந்துகொள்ளுங்கள். திரை வரவில்லை என்பதற்காக 3389ஐத் திறக்கக் கூடாது. இதைக் கட்டுரையின் முடிவில் மறுபடியும் சொல்லப்போகிறேன்.

சரி, பாஸ்வேர்டு போகிறது, திரை மட்டும் ஏன் வருவதில்லை? பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் பேச்சுவார்த்தையில் பெரும்பாலும் சின்னச் சின்ன பாக்கெட்டுகளே போய்வருகின்றன. திரையின் படம் வரத் தொடங்கும்போதுதான் முழு அளவு பாக்கெட்டுகள் வரிசையாகக் கிளம்பும். சாதாரண நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம். இந்த உச்ச வரம்புக்கு எம்டியு என்று பெயர். வீட்டு ஃபைபர் இணைப்பு பிபிபிஓஇ முறையில் வந்தால் அதிலேயே 8 பைட் போய் 1492 ஆகிவிடும். விபிஎன் ஒவ்வொரு பாக்கெட்டையும் பூட்டி, மேலே இன்னொரு உறையைப் போடுவதால் இடம் இன்னும் குறையும். வழியில் எங்கோ பாக்கெட் கொள்ளவில்லை என்றால், அந்த இடத்து ரவுட்டர் ‘இவ்வளவு பெரியது போகாது, சிறிதாக அனுப்பு’ என்று ஐசிஎம்பி தகவல் அனுப்ப வேண்டும். ஆனால் பல ஆபீஸ்களில் பாதுகாப்பு என்ற பெயரில் ஃபயர்வாலில் ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்து வைத்திருக்கிறார்கள். ரயில்வே சப்வேயில் உயரப் பலகையைக் கழற்றிவிட்ட கதைதான்: பைக்குகள் எல்லாம் போய்விடும், லாரி உள்ளே சிக்கிக்கொள்ளும், அடுத்து வரும் லாரிக்கும் விஷயம் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம். விபிஎன்னை இணைத்துவிட்டு கமாண்ட் பிராம்ப்டைத் திறங்கள். ஆபீஸ் கணினியின் உள்முகவரி 192.168.10.25 என்று வைத்துக்கொள்வோம். முதலில் சாதாரண பிங் போட்டு, பதில் வருகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் ஃபயர்வால் பிங்கை அடைத்திருக்கக்கூடும் என்பதால், பதில் இல்லையென்றால் விபிஎன் வழியாக எட்டக்கூடிய ஆபீஸ் ரவுட்டரின் உள்முகவரிக்குப் போட்டுப் பாருங்கள். சின்ன பிங்குக்குப் பதில் வந்த பிறகுதான் அடுத்த படி.

```
netsh interface ipv4 show subinterfaces
ping -f -l 1372 192.168.10.25
```

முதல் வரி உங்கள் விபிஎன் இணைப்பு என்ன எம்டியு வைத்திருக்கிறது என்று காட்டும். அது 1400 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது வரியில் உள்ள `-f` என்பது, பாக்கெட்டைத் துண்டாக்காதே என்ற கட்டளை. 1372க்குக் காரணம் உண்டு. பிங் தரவின் மேல் 28 பைட் தலைப்பு ஏறும். 1372உடன் 28 சேர்ந்தால் சரியாக 1400. இதற்கு `Packet needs to be fragmented but DF set.` என்று வந்தால், அளவு போதாது என்பது தெரிந்தே தடுக்கப்படுகிறது என்று பொருள். சின்ன பிங்குக்குப் பதில் தந்த அதே முகவரி இதற்கு `Request timed out.` என்று மட்டும் காட்டினால், பெரிய பாக்கெட்டுகள் சத்தமில்லாமல் விழுங்கப்படுகின்றன. ஆள் சிக்கிவிட்டான்.

இனி எண்ணைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். உதாரணத்துக்கு, 1300க்குப் பதில் வருகிறது, 1340க்கு இல்லை. 1320க்கு வருகிறது, 1324க்கும் வருகிறது, 1325க்கு இல்லை. அப்படியானால் 1324உடன் 28 சேர்த்து, இந்த வழியில் போகக்கூடியது அதிகபட்சம் 1352. விபிஎன்னோ 1400 போகும் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் இடம் விட்டு 1340 என்று வைப்போம். இதற்கு நிர்வாகி உரிமையுடன் திறந்த கமாண்ட் பிராம்ப்ட் வேண்டும். மேற்கோளுக்குள் உங்கள் விபிஎன் இணைப்பின் பெயரை, மேலே காட்டிய பட்டியலில் உள்ளபடியே எழுதுங்கள்.

```
netsh interface ipv4 set subinterface "Office VPN" mtu=1340 store=active
```

`store=active` என்றால் கணினியை மறுபடி இயக்கும்வரை மட்டும். சோதனைக்கு அது போதும். தவறாகப் போனாலும் பாதகமில்லை. 1280க்குக் கீழே மட்டும் போகாதீர்கள், ஐபிவி6க்கு அதுதான் குறைந்தபட்ச அளவு. இதைச் செய்துவிட்டு, திறந்திருக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பை மூடி மறுபடி இணைக்க வேண்டும். ‘எனக்கு இவ்வளவு பெரிய பாக்கெட் வரை அனுப்பலாம்’ என்று உங்கள் கணினி ஆபீஸ் கணினியிடம் சொல்வது இணைப்பு தொடங்கும் நொடியில் மட்டுமே. பழைய இணைப்பிலேயே உட்கார்ந்துகொண்டு ‘மாத்தினேன் சார், ஒண்ணும் ஆகலை’ என்று சொல்பவர்கள் நிறைய.

திரை வந்துவிட்டால் காரணம் உறுதி. ஆனால் நிரந்தர வைத்தியம் உங்கள் லேப்டாப்பில் இல்லை. சில விபிஎன் மென்பொருள்கள் இணையும் ஒவ்வொரு முறையும் பழைய எண்ணையே மறுபடி எழுதிவிடும். ஆபீஸ் விபிஎன் கேட்வேயில் எம்எஸ்எஸ் கிளாம்பிங் என்ற அமைப்பைச் செய்தால், ஊழியர் ஒவ்வொருவரும் எதையும் தொடாமலே சரியாகும். கேட்வே லினக்ஸ் என்றால் இது ஒரே வரி:

```
iptables -t mangle -A FORWARD -p tcp \
  --tcp-flags SYN,RST SYN -j TCPMSS --set-mss 1300
```

1340இலிருந்து 40 பைட் தலைப்பைக் கழித்தால் வரும் 1300 அது. ஒரு வரி எழுத வேண்டிய நிர்வாகி, ‘உங்க வீட்டு நெட் ஸ்லோ’ என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இன்னொரு வகை உறைதலை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. திரை நன்றாக வருகிறது, சில நிமிடம் வேலை நடக்கிறது, திடீரென்று நின்றுவிடுகிறது. மூடிவிட்டு மறுபடி இணைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. இங்கே பெரும்பாலும் யுடிபிதான் சந்தேகத்துக்குரியது. ரிமோட் டெஸ்க்டாப் தன் டிசிபி இணைப்போடு, படம் வேகமாக வருவதற்காக யுடிபி வழி ஒன்றையும் திறந்துகொள்ளும். விபிஎன்னுக்குள் அந்த வழி பாதியில் அடைபட்டால், படம் நின்றுவிடும், இணைப்பு அறுந்ததாகவும் காட்டாது. முழுத்திரையில் மேலே வரும் நீலப் பட்டையிலுள்ள சிக்னல் குறியை அழுத்துங்கள். `UDP is enabled` என்று இருந்தால், உங்கள் கணினியில் நிர்வாகி உரிமையுடன் இதை அடித்து, மறுபடி இணைத்துப் பாருங்கள்:

```
reg add "HKLM\SOFTWARE\Policies\Microsoft\Windows NT\Terminal Services\Client" ^
 /v fClientDisableUDP /t REG_DWORD /d 1 /f
```

வீடியோ பார்ப்பது கொஞ்சம் திணறலாம். கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் டிசிபி போதும்.

ஆபீஸுக்குள்ளேயே, விபிஎன் இல்லாமல் பக்கத்து மேஜையிலிருந்து இணைத்தாலும் கறுப்புத் திரைதான் என்றால், நெட்வொர்க்கைக் குறை சொல்லாதீர்கள். குறை அந்தக் கணினியில்தான், பெரும்பாலும் டிஸ்ப்ளே டிரைவர் பக்கம். அப்போது Ctrl+Alt+End அழுத்திப் பாருங்கள். பூட்டு, வெளியேறு என்ற பட்டியல் தெரிந்தால் செஷன் உயிரோடு இருக்கிறது. அதிலிருந்து டாஸ்க் மேனேஜரைத் திறந்து explorer.exe என்பதை இயக்கினாலே டெஸ்க்டாப் வந்துவிடுவதும் உண்டு. ஸ்விட்சை அணைக்க வேண்டாம். ரிமோட் டெஸ்க்டாப் சன்னலை மூடினால் இணைப்பு மட்டும்தான் போகும். சேமிக்காத வேலை அங்கே அப்படியே காத்திருக்கும்.

எங்கே புகார் செய்வது? இன்டர்நெட் கம்பெனியிடம் போய்ப் பயனில்லை. ஆபீஸின் நெட்வொர்க் நிர்வாகியிடம் எழுத்தில் கொடுங்கள், ‘ஆர்டிபி வேலை செய்யவில்லை’ என்ற ஒரு வரியோடு நிறுத்தாமல். தேதியும் நேரமும், வீட்டு இணைப்பின் வகை, விபிஎன்னின் எம்டியு, பதில் வந்த மிகப் பெரிய பிங் அளவு, பதில் வராத மிகச் சிறிய அளவு, மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போட்டால் என்ன ஆகிறது, பட்டையில் யுடிபி காட்டுகிறதா என்பதை வரிசையாக எழுதி, பிங் முடிவின் ஸ்கிரீன்ஷாட்டை இணையுங்கள். வேலை செய்யாத நாளைச் சம்பளத்தில் பிடிக்கப் பார்த்தாலும், குறை எந்தப் பக்கம் என்பதற்கு இந்தக் கடிதம்தான் சாட்சி. ஆபீஸ் லேப்டாப் என்றால் மேலே சொன்ன மாற்றங்களை நீங்களாகச் செய்யாமல் அவர்களையே செய்யச் சொல்லுங்கள்.

கூகுளில் தேடிக் கிடைத்த ‘ஹெல்ப்லைன்’ எண்ணுக்கு அழைத்து, எதிர்முனையில் யாரென்றே தெரியாதவருக்கு எனிடெஸ்க் எண்ணைப் படித்துக் காட்டாதீர்கள். அப்படிப் பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் பதியுங்கள்.

கடைசியாக, சொன்னபடி மறுபடியும்: 3389. உங்கள் ஆபீஸில் அது வெளியே திறந்திருக்கிறதா என்று நிர்வாகியிடம் கேளுங்கள். திறந்திருந்தால் இன்றே மூடச் சொல்லுங்கள். அந்த வழியாக யாராவது உள்ளே புகுந்துவிட்டால், 2022 ஏப்ரல் 28 உத்தரவின்படி, தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனம் சிஇஆர்டி-இன் அமைப்புக்குத் தெரிவித்தாக வேண்டும். ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிட்டுப் போன சர்வீஸ் ஆள் அப்போது போனை எடுக்க மாட்டார். பதில் சொல்ல வேண்டியது நிறுவனம்தான்.